அக்கா, இந்த டெக்கை ஒருக்காப் பாப்பீங்களோ?

வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு நான் பழகிய எழுத்து வகைகளில் மிகச் சின்னது இது: அனுபவமுள்ள ஒருவரிடம் "நான் செய்துவைத்திருக்கும் டெக்கைப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்கும் மெசேஜ். மொத்தமே பதினைந்து இருபது வரிதான். பள்ளிக்கூடத்திலோ கம்பஸிலோ இதை யாரும் சொல்லித்தருவதில்லை. ஆனால் அந்த வரிகள் எப்படி இருக்கின்றன என்பதைப் பொறுத்துத்தான் திரும்பி வருவது உதவியா, வெறும் "நல்லா இருக்கு" என்ற பதிலா என்பது முடிவாகிறது.

டெக் என்றால் ஸ்லைட்களின் அடுக்கு. சீட்டுக்கட்டுக்கு ஆங்கிலத்தில் சொல்லும் அதே சொல்தான். முன்பு ஸ்லைட் என்பது கையில் பிடிக்கக்கூடிய ஒரு பொருளாக இருந்தது. பவர்பொயின்ட் மென்பொருள் 1987 இல் வெளிவந்த பிறகு அந்தக் கட்டு கணினிக்குள் போய்விட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. சீட்டுக்கட்டு என்று நினைத்துக்கொள்வது உதவும். ஏனென்றால் இந்தப் பதிவில் நான் பேசப்போவது ஒவ்வொரு சீட்டின் அழகையும் பற்றி அல்ல. எந்தச் சீட்டு முதலில் வரவேண்டும், எதை எடுத்து அப்பால் வைக்கவேண்டும் என்பதைப் பற்றித்தான்.

மரியாதை என்று நினைத்து நாம் எழுதும் வரி

எங்கள் வீடுகளில் பெரியவர்களிடம் எதையும் நேரடியாகக் கேட்டுப் பழக்கமில்லை. "உங்களுக்குக் கரைச்சல் இல்லையெண்டா…", "நேரம் கிடைச்சா ஒருக்கா…" என்றுதான் வாய் தொடங்கும். அதே பழக்கம் அலுவலகத்துக்கும் கூடவே வருகிறது. மொழி ஆங்கிலமாக மாறினாலும் உள்ளே ஓடுவது அதே வரிதான்: "நேரம் இருக்கும்போது இந்த டெக்கைப் பார்த்து, என்ன நினைக்கிறீர்கள் என்று சொல்ல முடியுமா?"

இது பணிவாகத்தான் தெரியும். ஆனால் வாங்குகிறவர் இடத்தில் இருந்து பாருங்கள். எத்தனை ஸ்லைட் என்று தெரியாது. யாருக்குக் காட்டப்போகிறீர்கள் என்று தெரியாது. எப்போதைக்குள் வேண்டும், எதைப் பார்க்கவேண்டும் என்பதும் தெரியாது. அவர் முதலில் உங்கள் மெசேஜில் இல்லாததையெல்லாம் ஊகிக்கவேண்டும், அதன் பிறகுதான் டெக்கைத் திறக்கலாம். பாரம் குறையட்டும் என்று நாம் விட்ட வரிகள் எல்லாம் அவர் தலையில்தான் ஏறுகின்றன. அவருடைய நேரத்தை மதிப்பதென்றால் கேள்வியைச் சின்னதாக்கித் தெளிவாகக் கேட்பதுதான்.

பொதுவாகச் சொல்லிக்கொண்டு போவதைவிட ஒன்றை முழுதாகக் காட்டுகிறேன். நான் வேலை செய்யும் இடம் ரொறன்ரோவின் கிழக்கே இருக்கும் ஒரு வைத்திய நிலையம். பெயர் வேண்டாம். அங்கே நோயாளர்கள் அப்பொயின்ட்மென்டைத் தவறவிடுவதைக் குறைப்பது எப்படி என்று ஆராய்கிற சின்னக் குழுவில் நான் இருக்கிறேன். நினைவூட்டல் ஆங்கிலத்தில், பதிவுசெய்த குரலில், தொலைபேசி அழைப்பாகப் போகும். எங்கள் பகுதியில் எத்தனையோ அம்மம்மாக்களும் அப்பப்பாக்களும் அந்தக் குரலைக் கேட்டு, விளம்பரம் என்று நினைத்து வைத்துவிடுவார்கள். பிறகு மாதக்கணக்கில் காத்திருந்து கிடைத்த கண் பரிசோதனையோ இருதயப் பரிசோதனையோ போய்விடும். தமிழ் உட்பட நான்கு மொழிகளில் குறுஞ்செய்தி அனுப்பலாமே என்பதுதான் எங்கள் யோசனை. நிர்வாகக் கூட்டத்தில் 20 நிமிடம் கிடைத்தது. அதற்கான டெக்கை நான் செய்தேன்.

அதைப் பார்க்கக் கேட்டது எங்கள் பிரிவில் பல வருட அனுபவமுள்ள ஒருவரிடம். யாழ்ப்பாணத்தில் பிறந்து, சின்ன வயதில் கனடாவுக்கு வந்தவர். கூட்டங்களில் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். மெசேஜில் அவர் எனக்கு அக்கா. அவரும் நானும் தமிழில் எழுதிக்கொள்வோம். நீங்கள் ஆங்கிலத்திலோ நோர்வேஜிய மொழியிலோ டொச்சிலோ எழுதினாலும் மெசேஜின் எலும்புக்கூடு இதுதான்.

மெசேஜ்

ஒரு திங்கட்கிழமை காலை நான் அனுப்பியது இது:

> வணக்கம் அக்கா,
>
> அடுத்த செவ்வாய் நடக்கும் நிர்வாகக் கூட்டத்தில் எனக்கு 20 நிமிடம் தந்திருக்கிறார்கள். நினைவூட்டல்களை நான்கு மொழிகளில் குறுஞ்செய்தியாக அனுப்பிப் பார்க்க, ஒரு கிளினிக்கில் மட்டும் மூன்று மாதத்துக்கு அனுமதி கேட்கப்போகிறேன். அதற்கான டெக்கின் முதல் வரைவு இது. 19 ஸ்லைட். திரையில் காட்டிப் பேசுவதற்காகச் செய்தது. முன்கூட்டி யாருக்கும் அனுப்புவதில்லை.
>
> மூன்று கேள்விகள்:
>
> 1. அனுமதி கேட்கும் ஸ்லைட் இப்போது 14ஆவதாக இருக்கிறது. அதை 2ஆவதாகக் கொண்டுவரலாம் என்று நினைக்கிறேன். ஆனால் மனேஜர் போன வருடம் இதைப்போன்ற ஒன்றுக்கு மறுத்தவர் என்று கேள்விப்பட்டேன். முதலிலேயே கேட்டால் அவர் மிச்சத்தைக் கேட்கமாட்டாரோ? உங்களுக்கு அவரைத் தெரியும். எது சரி?
>
> 2. இருபது நிமிடத்துக்கு 19 கூட. 4, 5, 6, 11, 12, 13, 16 ஆகிய ஏழையும் பின்னிணைப்புக்குத் தள்ள நினைத்து மஞ்சள் அடையாளம் போட்டிருக்கிறேன். இவற்றில் எதையாவது அவர்கள் கட்டாயம் கேட்பார்களா?
>
> 3. மிச்சமுள்ளவற்றின் தலைப்புகளை மட்டும் வரிசையாக வாசித்துப் பார்க்க முடியுமா? நான் என்ன கேட்கிறேன் என்று உங்களுக்கு விளங்குவதை ஒரு வரியில் சொன்னால் போதும்.
>
> நிறம், எழுத்துப்பிழை, படங்கள் இப்போது வேண்டாம். அவற்றைக் கடைசியில் நான் பார்ப்பேன். நான் கேட்காத ஏதாவது கண்ணில் பட்டால் கட்டாயம் சொல்லுங்கள்.
>
> பதினைந்து, இருபது நிமிடம் எடுக்கும் என்று நினைக்கிறேன். வியாழன் பின்னேரத்துக்குள் கிடைத்தால் திருத்த நேரம் இருக்கும். இந்தக் கிழமை வேலை கூட என்றால் முதல் கேள்விக்கு மட்டும் ஒரு வரி தாருங்கள். மற்ற இரண்டையும் வேறு ஆளிடம் கேட்பேன்.
>
> லிங்க் கீழே. ஃபோனில் பார்க்க பிடிஎஃப் கொப்பியும் இருக்கிறது. வியாழன் வரை நான் இதில் கை வைக்கமாட்டேன்.
>
> நன்றி அக்கா.

கொஞ்சம் நீளம்தான். வாசிக்க ஒரு நிமிடம் போகும். அந்த ஒரு நிமிடம் அவருக்கு அரை மணி நேர ஊகத்தை மிச்சப்படுத்தும்.

அவருக்கு மட்டும் தெரிந்ததைக் கேளுங்கள்

முதல் கேள்வி கட்டமைப்பைப் பற்றியது. கேட்கவேண்டியதை முதலில் சொல்வதா, காரணங்களை அடுக்கிவிட்டுக் கடைசியில் சொல்வதா?

பொது விதி ஒன்று இருக்கிறது: முடிவை முதலில் சொல்லு, காரணங்களைக் கீழே அடுக்கு. 1963 இல் மெக்கின்சி நிறுவனத்தில் சேர்ந்த பார்பரா மின்ரோ இதை 'பிரமிட் கோட்பாடு' என்ற பெயரில் எழுதிப் பரப்பினார். பிரமிட்டின் நுனியில் பதில், அதற்குக் கீழே அதைத் தாங்கும் இரண்டு மூன்று காரணங்கள், அவற்றுக்கும் கீழே ஆதாரம். கேட்பவருக்குப் பதில் முதலே தெரிந்தால், பின்னால் வரும் ஒவ்வொரு எண்ணும் எதற்காக வருகிறது என்பது விளங்கும். பதினான்காவது ஸ்லைட் வரை பதில் வராவிட்டால், பதின்மூன்று ஸ்லைட்டையும் அவர் "இது எதற்கு?" என்ற கேள்வியோடு பார்த்துக்கொண்டிருப்பார்.

நம்மில் பலருக்கு இது ஏன் இயல்பாக வருவதில்லை என்று யோசித்திருக்கிறேன். வீட்டுக்கு வரும் விருந்தாளி தேத்தண்ணி குடித்து, சுகம் விசாரித்து, ஊர்க்கதை பேசி, செருப்புப் போடும்போதுதான் வந்த காரியத்தைச் சொல்வார். அதில் ஒரு அழகு உண்டு. நிர்வாகக் கூட்டத்தில் அதற்கு நேரமில்லை.

இந்த விதி புத்தகத்தில் இருக்கிறது. அதை அக்காவிடம் கேட்கத் தேவையில்லை. அவரிடம் கேட்கவேண்டியது புத்தகத்தில் இல்லாதது: அந்த அறையில் இருக்கப்போகிற மனேஜர் எப்படிப்பட்டவர், போன முறை ஏன் மறுத்தார்? அதனால்தான் "கட்டமைப்பு சரியா?" என்று விடாமல், என் விருப்பத்தையும் என் பயத்தையும் சேர்த்து எழுதினேன். அப்படி எழுதினால் பதில் சொல்கிறவர் வெற்றுத்தாளில் தொடங்கத் தேவையில்லை. ஆமென்றோ இல்லையென்றோ சொல்லி, காரணத்தை ஒரு வரியில் சேர்த்தால் போதும்.

அவருடைய பதில் இப்படி வந்தது: "ரெண்டாவதாக் கொண்டு வாரும். அவ மறுத்தது யோசனையை இல்லை, செலவை. புது மென்பொருள் வாங்கச் சொல்லிக் கேட்டவை. அந்த ஸ்லைட்டிலயே 'புதுசா ஒண்டும் வாங்கத் தேவையில்லை, ஒரு கிளினிக், மூண்டு மாசம்' எண்டு போட்டிரும். பிறகு கேப்பா."

இந்த மூன்று வரிக்காகத்தான் மெசேஜே எழுதினேன் என்று சொல்லலாம். ஸ்லைட்டின் இடமும் மாறியது, அதில் இருக்கவேண்டிய வரியும் கிடைத்தது.

நீளத்தை நிமிடத்தில் அளவிடுங்கள்

"டெக் நீளமா?" என்ற கேள்விக்குப் பதிலே இல்லை. எந்த நேரத்துக்கு, எந்த வகை டெக் என்று தெரிந்தால்தான் பதில் உண்டு.

இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, நீங்கள் நின்று பேசும்போது பின்னால் திரையில் ஓடுவது. மற்றது, முன்கூட்டி அனுப்பிவைத்து, ஆட்கள் தாங்களாக வாசித்துக்கொண்டு வருவது. வாசிக்கும் டெக்கில் முழு வசனங்கள் வேண்டும், ஸ்லைட் கூடினாலும் பரவாயில்லை. பேசும் டெக்கில் அவ்வளவு எழுத்து இருந்தால் ஆட்கள் உங்களைக் கேட்பதை விட்டு வாசிக்கத் தொடங்குவார்கள். எந்த வகை என்று மெசேஜில் சொல்லாவிட்டால், பார்க்கிறவர் ஒன்றை நினைத்துக்கொண்டு "எழுத்துக் குறைவு" என்பார், இன்னொருவர் மற்றதை நினைத்துக்கொண்டு "எழுத்துக் கூட" என்பார். இரண்டு பேரும் சரி. உங்களுக்குத்தான் தலை சுற்றும்.

அடுத்தது கணக்கு. 20 நிமிடம் தந்தால் 20 நிமிடம் கிடைப்பதில்லை. முன்னால் பேசியவர் இழுத்ததும், திரை இணைய எடுத்ததும் சேர்ந்து நாலு நிமிடம் போய்விடும். முடிவு எடுக்கவேண்டிய கூட்டம் என்பதால் கேள்விக்கும் பேச்சுக்கும் எட்டு நிமிடமாவது விடவேண்டும். மிச்சம் எட்டு. ஒரு ஸ்லைட்டுக்கு ஒரு நிமிடம் என்றாலும் எட்டு ஸ்லைட்டுக்குத்தான் இடம். பத்தொன்பதை எட்டு நிமிடத்தில் ஓட்டினால் ஒன்றுக்கு 25 செக்கன் வரும். தலைப்பை வாசிக்கவே அது சரியாகப் போய்விடும்.

இந்தக் கணக்கை நானே போடலாம், போட்டேன். அதனால் "நீளமா?" என்று கேட்காமல், எதை எடுக்கப்போகிறேன் என்று காட்டி, "இதில் எது இல்லாமல் போனால் சிக்கல்?" என்று கேட்டேன். மஞ்சள் போட்ட ஏழும் அழிபடப்போவதில்லை, டெக்கின் கடைசியில் பின்னிணைப்பாக இருக்கும். யாராவது கேட்டால் அங்கே தாவிக் காட்டலாம். பின்னிணைப்பு என்று ஒன்று இருப்பதால்தான் வெட்டுவதற்குத் துணிவு வருகிறது. இரவிரவாகச் செய்த வரைபடத்தைக் குப்பையில் போட யாருக்கும் மனம் வராது. பின்னால் நகர்த்துவது அவ்வளவு வலிக்காது.

அக்கா ஏழில் ஒன்றைத் திரும்ப முன்னுக்குக் கொண்டுவரச் சொன்னார்: 11ஆவது, அந்தரங்கம் பற்றியது. ஒன்ராறியோவில் நோயாளர் தகவலைப் பாதுகாக்கும் சட்டம் 2004 இல் வந்தது. கூட்டத்தில் இருப்பவர்கள் முதலில் கேட்பது அதைப் பற்றித்தான் இருக்கும் என்றார். குறுஞ்செய்தியில் நாளும் நேரமும் இருக்கும், நோயோ பிரிவின் பெயரோ இருக்காது என்பதைத் திரையில் காட்டிவிட்டால் அந்தக் கேள்வி ஒரு நிமிடத்தில் முடியும்.

12ஆவது பின்னாலேயே இருக்கட்டும் என்றார். அது செலவுக் கணக்கு. ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றில் 160 எழுத்துகள் போகும். தமிழில் அனுப்பினால் வழக்கமாக 70தான். அதிலும் ஃபோன் எண்ணும் விதம் வேறு. 'வணக்கம்' நமக்கு ஐந்து எழுத்து. ஃபோனுக்கு ஏழு, ஏனென்றால் ஒவ்வொரு புள்ளியும் தனியாக எண்ணப்படும். ஆகவே ஒரே செய்தி தமிழில் இரண்டு மூன்று துண்டாகப் போகும், துண்டுக்குத் துண்டு காசு. நிதிப்பகுதியில் இருந்து வருபவர் கேட்டால் காட்டலாம். கேட்காதவரிடம் சொல்லி நேரத்தைப் போக்கத் தேவையில்லை.

இன்னும் சில சின்ன வெட்டுகள்: 'இன்று பேசப்போவது' என்ற 2ஆவது ஸ்லைட்டும் 'நன்றி' என்ற 19ஆவதும் போயின. எப்படி அளவிடுவோம் என்பதையும் என்ன ஆபத்து என்பதையும் ஒரே ஸ்லைட்டாக்கி, 'எப்போது நிறுத்துவோம்' என்று அக்கா பெயர் வைத்தார். பின்னணியும் இப்போதைய அழைப்பு முறையும் ஒன்றாகின. முன்னால் ஒன்பது, பின்னிணைப்பில் ஆறு. ஒன்பதில் ஒன்று முகப்பு, ஆகப் பேசுவதற்கு எட்டு. எட்டு நிமிடத்துக்குச் சரி.

தலைப்புகளை மட்டும் வாசிக்கும் சோதனை

மூன்றாவது கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அதில் யாரும் பொய் சொல்ல முடியாது. "விளங்குகிறதா?" என்று கேட்டால் மரியாதைக்காக "ஓம்" என்பார்கள். "என்ன விளங்கியது?" என்று கேட்டால் உண்மை வெளியே வரும்.

இதை முதலில் நீங்களே செய்து பார்க்கலாம். பவர்பொயின்டில் `View` என்ற பகுதிக்குப் போய் `Outline View` ஐத் தெரிவுசெய்தால், ஸ்லைட்களின் எழுத்து மட்டும் இடப்பக்கம் வரிசையாக வரும். தலைப்புகளை மேலிருந்து கீழே வாசியுங்கள். 'பின்னணி', 'தரவு', 'மொழி', 'திட்டம்' என்று இருந்தால் அது புத்தகத்தின் பொருளடக்கம் மாதிரி. அதிலிருந்து நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. என் வரைவில் 7ஆவது ஸ்லைட்டின் தலைப்பு 'வேறு மொழியைப் பதிந்தவர்களே அதிகம் தவறவிடுகிறார்கள்'. 8ஆவது 'நாள் தள்ளித் தள்ளிக் கொடுத்த அப்பொயின்ட்மென்ட்தான் மறந்துபோகிறது'. இரண்டும் வசனங்கள். இரண்டையும் சேர்த்து வாசித்தால், நினைவூட்டலும் வேண்டும், அது விளங்கும் மொழியிலும் வேண்டும் என்ற இடத்துக்கு வாசிப்பவர் தானாக வருவார்.

தலைப்பு எவ்வளவு பாரமானது என்பதற்கு உலகம் அறிந்த ஒரு கதை உண்டு. 2003 ஜனவரி 16 இல் கொலம்பியா விண்வெளி ஓடம் கிளம்பியபோது, வெளித்தாங்கியில் இருந்து கழன்ற நுரைத்துண்டு ஒன்று இடது இறக்கையில் அடித்தது. ஓடம் மேலே சுற்றிக்கொண்டிருக்க, அந்த அடி ஆபத்தானதா என்று பொறியாளர்கள் ஆராய்ந்து ஸ்லைட்களில் காட்டினார்கள். ஒரு ஸ்லைட்டின் தலைப்பு, பழைய சோதனைகளைப் பார்த்தால் பயப்படத் தேவையில்லை என்ற நினைப்பைத் தருவதாக இருந்தது. அதே ஸ்லைட்டின் அடியில், சின்ன எழுத்தில், சோதனையில் பயன்பட்ட துண்டு 3 கன அங்குலம், இந்தத் துண்டு 1920 கன அங்குலம் என்று இருந்தது. 640 மடங்கு. அதாவது பழைய சோதனைகளை வைத்து எதையும் சொல்ல முடியாது என்பதுதான் அந்த ஸ்லைட்டின் உண்மையான செய்தி. பெப்ரவரி 1 ஆம் திகதி, திரும்பி வரும் வழியில், கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேருடன் ஓடம் உடைந்துபோனது. விபத்துக்கு ஒரு ஸ்லைட்தான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் விசாரணைக்குழு தன் அறிக்கையில் அந்த ஸ்லைட்டை அப்படியே போட்டு, எட்வர்ட் டஃப்ட்டி அதைப் பற்றிச் செய்த ஆய்வையும் சேர்த்திருந்தது. முக்கியமான விஷயம் அடியில் புதைந்து கிடந்ததும், தலைப்பு வேறொன்றைச் சொன்னதும் அதில் தெளிவாகத் தெரியும்.

நம் டெக்குகளில் உயிர் போகாது. ஆனாலும் தலைப்பும் உள்ளே இருப்பதும் ஒன்றையே சொல்கின்றனவா என்று செய்தவரால் கண்டுபிடிப்பது கஷ்டம். அவருக்கு எல்லாம் முன்பே தெரியும். அதற்குத்தான் இன்னொரு சோடிக் கண்.

அக்காவின் ஒரு வரி: "நோயாளிக்கு அவையின்ர மொழியில மெசேஜ் அனுப்ப மூண்டு மாசம் தாங்கோ எண்டு கேக்கிறீர்." அது போதும். தலைப்புகள் வேலை செய்கின்றன என்று அர்த்தம்.

கேட்காத கேள்விக்கு ஒரு கதவு

குறிப்பான கேள்விகளில் ஒரு குறை உண்டு. பார்க்கிறவரின் கண்ணை நீங்கள் காட்டும் இடத்திலேயே கட்டிப்போடும். அதனால்தான் "நான் கேட்காத ஏதாவது கண்ணில் பட்டால்" என்ற வரி. அதைக் கேள்விகளுக்குப் பிறகு வையுங்கள். முன்னால் வைத்தால் அது மட்டும்தான் வாசிக்கப்படும்.

அந்தக் கதவால் வந்தது டெக்கிலேயே பெரிய விஷயமாகிவிட்டது. மாதிரிக் குறுஞ்செய்தி இருந்த 10ஆவது ஸ்லைட்டின் ஓரத்தில் அக்கா ஒரு கொமென்ட் போட்டிருந்தார்: "இது ஆற்ற ஃபோனுக்குப் போகுது?"

யோசித்துப் பாருங்கள். உங்கள் அம்மம்மாவின் வைத்தியர் கோப்பில் இருக்கும் இலக்கம் யாருடையது? மாமாவுடையது, அல்லது உங்களுடையது. அழகான தமிழில் அனுப்பும் நினைவூட்டல், தமிழ் வாசிக்கத் தெரியாத பேரப்பிள்ளையின் ஃபோனில் போய் இறங்கும்! இதைச் சொல்ல, அந்த நோயாளர்களோடு பல வருடம் பழகிய ஒருவர் வேண்டும். மாதிரிச் செய்தி அன்றே மாறியது: மேலே தமிழ், கீழே ஆங்கிலத்தில் அதே நாளும் நேரமும். அதனால் செய்தி இன்னும் நீளமானது. செலவுக் கணக்கையும் திரும்பப் போட்டோம்.

எங்கே பிசகும்

மெசேஜ் வேலை செய்ததா என்பது வரும் பதிலிலேயே தெரியும். எழுத்துப்பிழை மட்டும் திருத்தி வந்தால், கட்டமைப்பைப் பார்க்கவேண்டும் என்பது அவருக்குப் போய்ச் சேரவில்லை. வெறும் "நல்லா இருக்கு" வந்தால் அவருக்கு நேரமில்லை, அல்லது கேள்வி பெரிது. அப்போது கோபிக்கவேண்டாம், திரும்ப முழுதாகக் கேட்கவும் வேண்டாம். ஒரே ஒரு கேள்வியைப் பிடுங்கி எடுத்து அனுப்புங்கள்: "அக்கா, 14ஆவது ஸ்லைட்டை 2ஆவதாக்கவா?" இதற்குப் படியேறும்போதே பதில் போடலாம்.

டெக் எந்த நிலையில் இருக்கும்போது அனுப்புகிறீர்கள் என்பதும் முக்கியம். எல்லா வரைபடமும் மினுக்கி முடிந்த பிறகு "வரிசை சரியா?" என்று கேட்டால், அவருக்கும் மாற்றச் சொல்ல மனம் வராது, உங்களுக்கும் கேட்க மனம் வராது. கூட்டத்துக்கு முதல்நாள் இரவு அனுப்பினால் பிழை திருத்தத்துக்கு மட்டும்தான் நேரம். தலைப்புகள் எழுதி, எண்கள் சரிபார்த்து, வரைபடங்கள் இன்னும் கரடுமுரடாக இருக்கும் நேரம்தான் கட்டமைப்பைக் கேட்க நல்ல நேரம். நான் எட்டு நாள் முன்பு அனுப்பினேன்.

பிறகு அந்த லிங்க். கூகிள் ஸ்லைட்ஸில் பகிரும்போது அவருக்கு `Commenter` உரிமை கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். கொடுக்காவிட்டால் அவர் திறந்ததும் `You need access` என்று வரும். அவர் அனுமதி கேட்பார், நீங்கள் வேறு கூட்டத்தில் இருப்பீர்கள், அவர் ஒதுக்கிய இருபது நிமிடம் அப்படியே போய்விடும். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் ஸ்லைட்களை நகர்த்தினாலும் சிக்கல்தான். "9ஆவதை எடுத்துவிடும்" என்று அவர் எழுதுவார், அதற்குள் 9ஆவது வேறொன்றாகியிருக்கும்.

ஒரே கேள்வியை ஒரே நேரத்தில் இரண்டு மூத்தவர்களிடம் கேட்பதையும் நான் தவிர்ப்பேன். இருவரும் எதிரெதிராகச் சொன்னால், ஒருவர் பேச்சைக் கேளாமல் விட்டதாக ஆகிவிடும். கேள்விகளைப் பிரித்துக் கொடுக்கலாம்: கட்டமைப்பு ஒருவரிடம், எண்கள் இன்னொருவரிடம்.

கூட்டத்தில் மூன்று மாதத்துக்கு ஓம் என்றார்கள், ஒரு நிபந்தனையோடு: ஆறாவது கிழமையில் எண்களைக் கொண்டுவந்து காட்டவேண்டும். அந்தரங்கம் பற்றிய கேள்விதான் முதலில் வந்தது.

அன்று பின்னேரம் அக்காவுக்கு இன்னொரு மெசேஜ் போட்டேன். மூன்றே வரி. மூன்று மாதம் கிடைத்துவிட்டது. நீங்கள் சொன்னபடி 2ஆவது ஸ்லைட்டையும் அந்தரங்க ஸ்லைட்டையும் வைத்தேன், இரண்டும் உதவின. 'எப்போது நிறுத்துவோம்' என்ற தலைப்பை மட்டும் 'எப்போது தொடர்வோம், எப்போது நிறுத்துவோம்' என்று நீட்டினேன், ஏனென்றால் நிறுத்துவதை மட்டும் சொன்னால் நாங்களே நம்பாத மாதிரி இருந்தது. சொன்னதில் எதை எடுத்தேன், எதை மாற்றினேன், ஏன் என்று அவருக்குத் தெரியவேண்டும். அதைச் சொல்லாமல் விட்டால், அடுத்த டெக்கோடு போய் நிற்கும்போது கேட்பது கஷ்டமாகிவிடும்.

பதிலுக்கு அக்கா ஒரு வரிதான் எழுதினார்: "ஆறாங்கிழமை டெக்கை எப்ப அனுப்புவீர்?"